கூண்டில் யார் சும்மா தின்கிறார்?

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் ஒரு கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 3 ரூபாய் 30 காசு. மருந்து, கூலி, கரண்டுக்கு 50 காசு. முட்டை 5 ரூபாய்க்குப் போனால், 100 கோழிக்கு 76 முட்டையாவது விழ வேண்டும். அதற்குக் கீழே கைக்காசுதான் கரையும்.

ஆனால் 70 முட்டை விழுந்தால் எல்லாக் கோழியும் சோம்பேறி என்று அர்த்தமில்லை. சில கோழிகள் அறவே இடுவதில்லை.

அவற்றைக் கையில் பிடித்தே கண்டுபிடிக்கலாம். முட்டைத்துவாரத்தின் இருபுறமும் இருக்கும் கூரிய எலும்புகளுக்கு நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் இடுகிற கோழி. ஒரு விரலே இறுகினால் நிறுத்திவிட்டது. துவாரமும் சுருங்கிக் காய்ந்திருக்கும், கொண்டை வெளிறியிருக்கும். ஒரு எச்சரிக்கை: இறகு உதிர்க்கும் கோழியும் இப்படித்தான் தெரியும், ஓரிரு மாதத்தில் அது மறுபடி இடக்கூடும்.

விலை ஏறட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய பொறி. ஒன்றரைக் கிலோ கழிவுக்கோழிக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் கிடைப்பது 15 ரூபாய். அந்தப் பத்து நாளில் அது தின்று தீர்ப்பதோ 33 ரூபாய்.