மேடை விளக்கு மாற்றிய நிறத்தை மீட்பது எப்படி?

மத்ரஸாவின் பரிசளிப்பு விழா. மகள் மேடையேறிச் சான்றிதழ் வாங்குகிறாள். கூட்டத்தின் நடுவே நின்று, தாய் அதைக் கையடக்கத் தொலைபேசியில் படம் பிடிக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், வெள்ளைச் சீருடை ஊதாவாக இருக்கிறது. பிள்ளையின் முகத்தில் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் கத்தரிப்பூ நிறம். அந்த நேரம் திரும்பி வராது. இருப்பது இந்த ஒரு படம்தான்.

சகோதரிகளே! அப்படத்தை அழித்துவிட அவசரப்படாதீர்கள். அதில் எது மீளும், எது மீளாது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

நிறம் ஏன் மாறுகிறது?

நமது கண் ஒளிக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மஞ்சள் மின்குமிழின் கீழ் வைத்த வெள்ளைத் துணி நமக்கு வெள்ளையாகவே படுகிறது. கமராவும் இவ்வாறு சரிசெய்ய முயல்கிறது. ஆனால் மேடையில் பல நிற விளக்குகள் ஒன்றாக எரியும்போது எதை வெள்ளை எனக் கொள்வதென்று அறியாமல் தடுமாறிவிடுகிறது.

கமரா எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் அளவுகளாகவே பதிகிறது. பழைய இழைக் குமிழின் மஞ்சள் ஒளியில் இம்மூன்றும் உண்டு. சிவப்பு கூடியும் நீலம் குறைந்தும் இருக்கும். கூடியதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டினால் நிறம் சீராகிவிடும். மேடை அலங்காரத்துக்கு வைக்கும் ஊதா நிற எல்.ஈ.டி. விளக்கின் கதை வேறு. அதில் பெரும்பாலும் சிவப்பும் நீலமும் மட்டுமே எரிகின்றன. பச்சை ஒளி இல்லை. பச்சை ஒளி படாத துணியிலிருந்து பச்சை நிறம் கமராவுக்கு வராது. வராததைப் பின்னர் எந்தக் கருவியாலும் மீட்க இயலாது.

உங்கள் படம் எந்த வகை என்று அறிய ஒரு வழி உண்டு. உங்களுக்கு நன்கு தெரிந்த இரு வேறு நிறப் பொருட்களைப் படத்தில் தேடுங்கள். பூச்செண்டின் சிவப்புப் பூவும் பச்சை இலையும் எனக் கொள்வோம். இரண்டும் வெவ்வேறு நிறமாகத் தெரிந்தால் படத்தைப் பெருமளவு மீட்கலாம். இலை கறுத்துப்போய், மற்றவையெல்லாம் ஒரே ஊதாவாகக் கிடந்தால், அந்தப் பகுதியின் நிறம் பதியவே இல்லை.

சரிசெய்யும் முறை

மேலே சொன்ன பரிசளிப்புப் படத்தையே எடுத்துக்கொள்வோம். முன்னாலிருந்து மஞ்சள் விளக்கும், பக்கத்திலிருந்து ஊதா விளக்கும் பிள்ளை மீது படுகின்றன. இரண்டையும் ஒரே தடவையில் திருத்த முற்பட்டால் ஒன்று சரியாகும்போது மற்றது கெடும். எனவே முகத்தில் கூடுதலாகப் படும் முன்விளக்கை முதலில் திருத்த வேண்டும்.

தொடங்குமுன், தொலைபேசித் திரையை இரவில் மஞ்சளாக்கும் கண்பாதுகாப்பு வசதி இயங்கினால் அதை நிறுத்திவிடுங்கள். மஞ்சள் திரையைப் பார்த்து நிறம் திருத்தினால் படம் நீலமாகிவிடும்.

Snapseed என்னும் இலவசச் செயலியில் படத்தைத் திறந்து, White Balance என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதிலுள்ள சொட்டுக்குழாய் அடையாளத்தைத் தொட்டு, உண்மையில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்த ஓர் இடத்தில் வைத்தால், செயலி அதை அளவுகோலாகக் கொண்டு முழுப்படத்தையும் திருத்தும்.

எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். சீருடையின் மிகப் பிரகாசமான பகுதியில் வைக்காதீர்கள். அங்கே ஒளி மிகுந்து மூன்று நிறங்களும் உச்சத்தைத் தொட்டு நிற்பதால் எது கூடியது என்பது தெரியாது. நீலம் போட்டு வெளுத்த துணியும் நம்பத்தக்கதல்ல. அது இயல்பிலேயே சற்று நீலச் சாயல் கொண்டது. சலவைத்தூளில் சேர்க்கப்படும் பளபளப்பூட்டியும் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரக்கூடும். முன்விளக்குப் படும் சீமெந்துத் தரை இருந்தால் அதுவே மேல். இல்லையேல், முன்விளக்கு மிதமாகப் படும் ஹிஜாபின் மடிப்பொன்றில் வைத்துப் பாருங்கள்.

இப்போது முகத்தைக் கவனியுங்கள். கறுப்போ மாநிறமோ சிவப்போ, எந்தத் தோலிலும் சிவப்பே கூடுதலாக இருக்கும். அடுத்தது பச்சை, கடைசியாக நீலம். ஆகவே முகம் சாம்பல் பூத்தோ பச்சை படர்ந்தோ தெரிந்தால் திருத்தம் அளவு மீறிவிட்டது. Temperature என்பதை மஞ்சள் பக்கமாகவோ, Tint என்பதைச் செம்மைப் பக்கமாகவோ சிறிது நகர்த்துங்கள்.

அடுத்து, முகத்தின் ஊதாப் பக்கம். Brush என்பதில் Saturation என்பதைத் தெரிந்து, அதன் அளவைக் கழித்தல் பக்கம் வைத்து, படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பகுதியை மட்டும் விரலால் மெல்லத் தடவுங்கள். ஊதா பாதியளவு தணிந்ததும் நிறுத்திவிடுங்கள். முழுவதும் அகற்றினால் தோல் சாம்பல் நிறமாகிவிடும். அதன்பின் அதே Brush இல் Temperature என்பதைக் கூட்டி ஒரு தடவை தடவினால் தோலுக்கு வெதுவெதுப்பு வரும். மேடையின் பின்திரை ஊதாவாகவே இருக்கட்டும். விழா நடந்த இடம் அதுதானே! இறுதியில், மூலப்படம் அப்படியே இருக்க, திருத்தியதைத் தனிப் பிரதியாகச் சேமியுங்கள்.

மீளாத படம்

நீல விளக்கு மட்டும் பட்ட முகத்தில் மேற்கண்ட முறை பலிக்காது. அதற்கு நல்ல வழி கறுப்பு வெள்ளைதான். Black & White என்பதில் நிற வடிகட்டிகள் சில உண்டு. ஒவ்வொன்றாக மாற்றி, கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிவதைத் தெரிவு செய்யுங்கள். நிறம் போனாலும் பிள்ளையின் சிரிப்புத் தங்கிவிடும்.

கலியாணச் சேலைக்கும் இதே விதிதான். நீல ஒளியில் சிவப்புச் சேலை கறுப்பாகவே பதியும். அதற்குச் சிவப்பைப் பூசலாம். ஆனால் அது மீட்டெடுத்த நிறமல்ல, புதிதாகத் தீட்டிய நிறம். நிறம் ஓரளவேனும் பதிந்திருக்கும் படமானால், மறுநாள் பகலில் நேர்வெயில் படாத ஜன்னலருகே அச்சேலையை விரித்து, அதன் பக்கத்தில் தொலைபேசியை வைத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள். சேலையின் நிறத்தை நினைவிலிருந்து சொல்வது பெரும்பாலும் பிழைத்துப்போகும்.

விழா நாளிலேயே செய்யக்கூடியது

விளக்குப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி, நிகழ்ச்சி முடிந்ததும் நிற விளக்குகளை அணைத்து, வெள்ளை விளக்குகளை மட்டும் இரண்டு நிமிடம் எரியவிடச் செய்யுங்கள். பிள்ளைகள் சான்றிதழுடன் மீண்டும் ஒருமுறை நிற்கலாம். சபையில் இருந்தபடி தொலைபேசியின் பளிச்சொளியை நம்பாதீர்கள். சில மீற்றருக்கு அப்பால் அது பயன் தராது, முன்னால் இருப்பவரின் தலையைத்தான் வெளுப்பாக்கும்.

இன்னுமொன்று. நிறம் திருத்தும்போது முகத்தைச் சற்று வெளுப்பாக்கிவிட விரல் தானாகவே துடிக்கும். அப்போது, திருத்திய முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அவளை எடுத்த ஒரு படத்துடன் ஒப்பிடுங்கள். மாநிறமான பிள்ளை திருத்திய படத்திலும் மாநிறமாகவே இருக்க வேண்டும். மேடை விளக்கு பூசியதை நீக்குவதே நமது வேலை. அவளுக்கு அல்லாஹ் கொடுத்த நிறத்தை மாற்றுவதல்ல.