படிகள் கூடினால் முகம் தெளியுமா?

ஒருவரின் புகைப்படத்தை மாதிரியாகக் கொடுத்து, அதே முகத்தோடு புதிய உருவப்படம் ஒன்றைக் கணினியில் உருவாக்கும்போது, முகம் யாருடையது என்பதைப் புகைப்படம் தீர்மானிக்கிறது. அந்த முகத்தின் கண் ஓரமும் தோலும் முடியும் எப்படி வந்து முடிகின்றன என்பதோ பெரும்பாலும் சாம்ப்ளரின் கையிலும் படிகளின் எண்ணிக்கையிலும் இருக்கிறது.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாடலோடு ஐபி-அடாப்டர் ஃபேஸ்ஐடி சேர்ந்து இயங்கும் விதத்தை எடுத்துக்கொள்ளலாம். முகம் அறியும் மென்பொருள் ஒன்று புகைப்படத்தை 512 எண்களாகச் சுருக்குகிறது. வெளிச்சம் மாறினாலும், ஒப்பனை மாறினாலும் ஆளை அடையாளம் காண்பதற்காகப் பழக்கப்பட்ட மென்பொருள் அது. அதனால் கண்களின் இடைவெளி, தாடையின் அமைப்பு போன்றவை அந்த எண்களில் தங்குகின்றன. கன்னத்து மச்சமும் தோலின் நுண்துளைகளும் ஏறக்குறைய தங்குவதே இல்லை. படத்தில் தெரியும் நுண்துளைகள் மாடல் தானாக வரைந்தவை.

வரைதல் வெறும் இரைச்சலில் தொடங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ‘இதற்குள் இருக்கும் படம் இப்படித்தான் இருக்கும்’ என்று மாடல் ஊகிக்கிறது. அந்த ஊகத்தை நோக்கி எவ்வளவு தூரம் நகர்வது, நகர்ந்தபின் புதிதாகக் கொஞ்சம் இரைச்சலைத் தூவுவதா என்பதை முடிவுசெய்வது சாம்ப்ளர். இரைச்சல் அதிகமாக இருக்கும் தொடக்கப் படிகளில் தலையின் சாய்வும் முகத்தின் அமைப்பும் உறுதியாகின்றன. இமைமுடியும் கருவிழியின் விளிம்பும் கடைசிப் படிகளில்தான் உருவாகின்றன. நடுவழியில் மாடல் தரும் ஊகம், சாத்தியமான பல முகங்களின் சராசரி. சராசரி முகத்தில் நுண்துளை இருக்காது. படிகள் குறைந்து தாவல் பெரிதானால் அந்தச் சராசரியின் வழவழப்பு இறுதிப் படத்திலும் ஒட்டிக்கொள்கிறது. மெழுகு பூசியதுபோல் முகம் வருவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

சீட் எண், வாசகம், புகைப்படம் மூன்றையும் மாற்றாமல், DPM++ 2M Karras என்ற சாம்ப்ளரில் படிகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். 8 படிகளில் ஆளை அடையாளம் தெரியும். ஆனால் கருவிழியின் வட்டம் கோணலாக இருக்கும், பற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். 20 படிகளில் இவை பெரும்பாலும் சரியாகிவிடும். 30இல் புருவ முடிகள் சற்றுப் பிரிந்து தெரியும். 30க்கும் 50க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தேட வேண்டியிருக்கும். புது இரைச்சலைச் சேர்க்காத சாம்ப்ளர் படிகள் கூடக்கூட ஒரே விடையை நெருங்குகிறது. நெருங்கியபின் கூட்டும் படிகள் நேரத்தைத்தான் தின்னும். பெயரின் கடைசியில் உள்ள Karras, தேரோ காராஸும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் முன்வைத்த இரைச்சல் அட்டவணையைக் குறிக்கிறது. இரைச்சல் குறைந்த கடைசிக் கட்டத்தில் அது படிகளை நெருக்கி வைக்கிறது. நுணுக்கங்கள் உருவாகும் இடமும் அதுவே.

Euler a இப்படி ஒரு விடையில் நிலைகொள்வதில்லை. ஒவ்வொரு படியிலும் அது புது இரைச்சலைத் தூவுவதால், 20 படியில் வந்த முகமும் 40 படியில் வந்த முகமும் ஒன்றாக இருப்பதில்லை. நெற்றியில் விழும் முடிக்கற்றை இடம் மாறும். இடது கன்னத்தில் இருந்த மச்சம் காணாமல் போகும், அல்லது வாயருகே வந்து நிற்கும். அதைக் கூடுதல் தெளிவு என்று எடுத்துக்கொள்வது தவறு. அது வேறொரு படம். DPM++ SDE வகையும் இரைச்சல் சேர்ப்பதுதான். அதில் தோலின் சொரசொரப்பு நன்றாக வரும் என்பது உண்மை. ஆனால் ஒரு படிக்கு மாடலை இருமுறை இயக்குவதால், அதன் 15 படிகள் மற்றதன் 30 படிகளுக்கு ஈடான நேரத்தை எடுக்கும்.

எந்தச் சாம்ப்ளராலும் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. இந்த மாடல், பக்கத்துக்கு எட்டில் ஒன்றாகச் சுருங்கிய வடிவத்தில்தான் வரைகிறது. முழு உருவப் படத்தில் முகம் 64 பிக்சல் அகலமே இருந்தால், அதற்குக் கிடைப்பது எட்டுக் கட்டங்கள். அதற்குள் இரு கண்களும் அடங்க வேண்டும். படிகளை நூறாக்கினாலும் பயனில்லை. முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, மீண்டும் வரையவைப்பதே வழி. அப்போது மாற்றத்தின் அளவை 0.4 என்று வைத்தால், பல மென்பொருள்களில் 30 படிகளில் 12 மட்டுமே உண்மையில் ஓடும். 10 படிகள் என்று வைத்திருந்தால் நான்கே ஓடும். திருத்திய முகம் முன்பைவிட மங்கலாக வருவது இதனால்தான்.

முகப் பொருத்தத்தை எண்ணால் அளப்பவர்கள், புகைப்படத்தின் 512 எண்களையும் புதிய படத்தின் 512 எண்களையும் ஒப்பிடுகிறார்கள். வரைய வழிகாட்டிய அதே மென்பொருளால் அளந்தால் மதிப்பெண் தாராளமாக வரும். எனவே வேறொரு முகம் அறியும் மென்பொருளால் அளப்பது நல்லது. எதனால் அளந்தாலும், மச்சமும் தழும்பும் அந்த மதிப்பெண்ணில் சரியாகப் பதிவதில்லை. அவற்றை மூலப் புகைப்படத்தோடு அருகருகே வைத்துக் கண்ணால் சரிபார்த்து, தவறியிருந்தால் கையால் வரைந்து சேர்க்க வேண்டும்.