மண்ணின் பிடிப்பை அளக்கும் பெட்டி

வீடோ கடையோ கட்டுவதற்கு முன் எடுக்கும் மண் பரிசோதனை அறிக்கையில் c, φ என்ற இரண்டு எழுத்துகளுக்கு எதிரே இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது மண்ணின் ஒட்டுத்தன்மை, இரண்டாவது உராய்வுக் கோணம். அஸ்திவாரம் எவ்வளவு பாரம் தாங்கும், தடுப்புச் சுவர் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், மண் கரையை எந்தச் சரிவில் வெட்டலாம் என்ற கணக்குகளெல்லாம் இந்த எண்களை வைத்தே போடப்படுகின்றன. நம் ஊர் ஆய்வகங்களில் பெரும்பாலும் இவற்றைத் தருவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சதுர உலோகப் பெட்டி. பொறியியல் மாணவர்கள் இதை ‘ஷியர் பாக்ஸ்’ என்பார்கள். அது எண்களைத் தரும் விதம் தெரிந்தால், அவற்றை எப்போது நம்பலாம், எப்போது கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மண் தோற்றுப்போவது நசுங்கி அல்ல, சறுக்கி. பாரம் அதிகமாகும்போது மண்ணின் ஒரு பகுதி இன்னொரு பகுதியின் மேல் வழுக்கி நகர்கிறது. அந்த நகர்வை இரண்டு விஷயங்கள் தடுக்கின்றன. துகள்களுக்கு இடையே இயல்பாக உள்ள ஒட்டுதல் ஒன்று. மேலிருந்து அழுத்த அழுத்தக் கூடும் உராய்வு மற்றொன்று. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கூலும் 1776-இல் அச்சான தம் கட்டுரையில் முன்வைத்த இந்தக் கருத்தை இன்று τ = c + σ tan φ என்று எழுதுகிறோம். σ என்பது சறுக்கும் தளத்தின் மேல் செங்குத்தாக அழுத்தும் தகைவு, τ என்பது அந்தத் தளம் சறுக்காமல் தாங்கும் உச்சத் தகைவு.

பெட்டிக்குள் நடப்பது

இந்தச் சோதனைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2720, பகுதி 13. வழக்கமான பெட்டியில் 60 மி.மீ. நீளமும் 60 மி.மீ. அகலமும் 25 மி.மீ. உயரமும் கொண்ட மண் கட்டி அமரும். பெட்டி மேல் பாதி, கீழ் பாதி என்று குறுக்கே இரண்டாகப் பிரியக்கூடியது. மண்ணை நிரப்பும்போது இரண்டு பாதிகளும் நகராமல் இருக்கத் திருகுகள் அவற்றைப் பூட்டியிருக்கும்.

காய்ந்த ஆற்று மணலை எடுத்துக்கொள்வோம். கட்டியின் கன அளவு 90 கன செ.மீ. தளத்தில் அந்த மணல் ஒரு கன செ.மீ.க்கு 1.65 கிராம் அடர்த்தியில் இருந்தால், 148.5 கிராம் எடைபோட்டு அத்தனையும் அந்த 25 மி.மீ. உயரத்துக்குள் அடங்கும்படி தட்டி அடுக்க வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும், கொஞ்சம் இடம் காலியாக இருந்தாலும் வேறு ஒரு மணலைச் சோதிப்பதாகவே பொருள். மணலுக்கு மேலும் கீழும் வரிப்பள்ளம் கொண்ட தகடுகள் வைக்கப்படும். பள்ளங்கள் நகரும் திசைக்குக் குறுக்கே இருந்தால்தான் தகடு மணலைப் பிடித்துத் தள்ளும்.

அடுத்து மேலிருந்து பாரம். கட்டியின் பரப்பு 36 சதுர செ.மீ. என்பதால், 100 கிலோபாஸ்கல் தகைவு வேண்டுமென்றால் 360 நியூட்டன் விசை, அதாவது ஏறக்குறைய 36.7 கிலோ பாரம் தேவை. இயந்திரத்தின் நெம்புகோல் ஐந்து மடங்காகப் பெருக்கித் தருவதால் தொங்கலில் 7.3 கிலோ எடை வைத்தாலே போதும்.

இனித்தான் பலர் தவறும் கட்டம். மோட்டாரை ஓட்டுவதற்கு முன் பூட்டுத் திருகுகளைக் கழற்ற வேண்டும். மேல் பாதியைச் சுமார் ஒரு மி.மீ. உயர்த்தி, இரண்டு பாதிகளும் உரசாமல் இடைவெளி விட வேண்டும். திருகைக் கழற்ற மறந்தால் விசை காட்டும் முள் எடுத்த எடுப்பிலேயே விறுவிறுவென ஏறும். எங்கும் தளராது, உச்சமும் தராது. அப்போது அளக்கப்படுவது மணலின் வலிமை அல்ல, திருகின் வலிமை. இடைவெளி விடாவிட்டால் உலோகம் உலோகத்தோடு உரசும் விசையும் மணலின் கணக்கில் சேர்ந்துவிடும்.

மோட்டார் கீழ் பாதியை மெல்ல நகர்த்துகிறது. மேல் பாதியை ‘ப்ரூவிங் ரிங்’ என்ற எஃகு வளையம் பிடித்து நிறுத்துகிறது. அந்த வளையம் எவ்வளவு நெளிகிறதோ அதுதான் மணல் எதிர்க்கும் விசைக்கு அளவு. ஒரு டயல் கேஜ் கிடைமட்ட நகர்வையும் இன்னொன்று மேல் தகட்டின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும். முள் உச்சத்தைத் தொட்டு இறங்கும்வரை, அல்லது உச்சமே வராவிட்டால் பெட்டி தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 மி.மீ. நகரும்வரை, குறிப்பிட்ட இடைவெளிகளில் அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே அடர்த்தியில் புதிய மணலை நிரப்பி, வேறு பாரத்தில் மறுபடியும் செய்ய வேண்டும். குறைந்தது மூன்று பாரங்களிலாவது செய்வது வழக்கம்.

மூன்று வரைபடங்கள்

முதல் வரைபடத்தில் கிடைமட்ட நகர்வுக்கு எதிராகச் சறுக்குத் தகைவைக் குறிப்பார்கள். இறுக்கமான மணலானால் கோடு வேகமாக ஏறி, உச்சம் தொட்டு, பிறகு தணியும். தளர்ந்த மணலானால் மெதுவாக ஏறிச் சமநிலைக்கு வரும்.

இதற்கான காரணத்தை இரண்டாவது வரைபடம் சொல்கிறது. அதில் குறிப்பது கட்டியின் உயர மாற்றம். இறுக்கமான மணலில் துகள்கள் ஒன்றன் இடுக்கில் ஒன்று அமர்ந்திருக்கும். சறுக்க வேண்டுமானால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் மேல் தகடு எழும்பும். அந்த ஏற்றத்துக்குச் செலவாகும் விசைதான் உச்சமாகத் தெரிகிறது. தளர்ந்த மணலில் துகள்கள் காலியிடத்துக்குள் சரிந்து, தகடு இறங்கும்.

மூன்றாவது வரைபடத்தில்தான் c-யும் φ-யும் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 50, 100, 150 கிலோபாஸ்கல் அழுத்தங்களில் வளையத்தின் டயல் உச்சத்தில் 60, 118, 175 பிரிவுகளைக் காட்டியது என்று கொள்வோம். ஒரு பிரிவுக்கு 2.4 நியூட்டன். பெருக்கி, பரப்பால் வகுத்தால் 40, 78.7, 116.7 கிலோபாஸ்கல் வரும். இந்த மூன்று புள்ளிகளின் ஊடே நேர்கோடு இழுத்தால் φ ஏறத்தாழ 37.5 பாகை, கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம், அதாவது c, சுமார் 1.8 கிலோபாஸ்கல்.

காய்ந்த மணலுக்கு ஒட்டுத்தன்மை கிடையாது. அந்த 1.8 அளவீட்டுப் பிழையின் எச்சம். மண்ணின் குணம் அல்ல. கோட்டை ஆதிப்புள்ளி வழியாக இழுத்தால் φ 38 பாகை என்று கிடைக்கும். காய்ந்த சுத்தமான மணலுக்கு அறிக்கையில் பெரிய c மதிப்பு இருந்தால், உரசல் எங்கோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். வரைபடத்திலேயே பாகைமானி வைத்துக் கோணம் அளப்பவர்கள் இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் வைத்திருக்க வேண்டும்; இல்லையென்றால் கோணம் தவறாகவே வரும்.

பெட்டியின் குறைகள்

முதல் குறை, மண் எங்கே உடைய வேண்டும் என்பதைப் பெட்டியே முடிவு செய்துவிடுகிறது. இரண்டு பாதிகளும் சேரும் கிடைத்தளத்தில்தான் சறுக்கல் நடக்க முடியும். கட்டியில் அதைவிடப் பலவீனமான அடுக்கு வேறு இடத்தில் இருந்தாலும் சோதனை அதைக் காட்டாது.

இரண்டாவது, அந்தத் தளத்தில் தகைவு ஒரே சீராக இல்லை. முன் பின் ஓரங்களில் உள்ள மண் முதலில் உச்சத்தை அடைந்து தளர்ந்துவிடும். நடுவில் உள்ளது அப்புறம்தான் அடையும். நாம் கணக்கிடுவதோ சராசரியை. நகர நகர இரண்டு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பும் சுருங்குகிறது. 3 மி.மீ. நகர்ந்தால் 36 சதுர செ.மீ. 34.2 ஆகிவிடும். மணலில் இது பெரிய பாதகம் செய்யாது. செங்குத்துத் தகைவும் சறுக்குத் தகைவும் ஒரே விகிதத்தில் கூடுவதால் கோணம் மாறாது. களிமண்ணின் c-யை மட்டும் இது பாதிக்கும்.

மூன்றாவது குறைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது: மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரின் அழுத்தத்தைப் பெட்டியால் அளக்க முடியாது. தண்ணீர் வெளியேறுவதை விரும்பியபடி அடைக்கவும் முடியாது.

மணலில் தண்ணீர் நொடியில் வடிந்துவிடும், பிரச்சினை இல்லை. ஈரக் களிமண்ணில் கதை வேறு. அதைச் சறுக்கும்போது துகள் இடுக்குகளில் உள்ள நீரின் அழுத்தம் மாறும். மென்மையான களியில் அழுத்தம் கூடி, துகள்களுக்கு இடையிலான பிடிப்பைக் குறைக்கும். இறுகிய களி விரியப் பார்க்கும். அப்போது நீரழுத்தம் குறைந்து, களி இருப்பதைவிட வலுவாகத் தெரியும். பின்னாளில் நீர் மெல்ல ஊறும்போது அந்த வலு போய்விடும்.

இதற்கு ஒரே வழி, நீரழுத்தம் கரையும் அளவுக்கு மெதுவாக நகர்த்துவது. பாரம் வைத்ததும் மண் இறுகுவதில் பாதி முடிய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைப்போல் 50 மடங்கு நேரத்தில் உச்சம் வரும்படி வேகத்தை வைக்க வேண்டும் என்பது அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். தரத்தின் விதி. பாதி இறுக்கத்துக்கு 4 நிமிடம் ஆகும் களிமண் என்றால் 200 நிமிடம். உச்சம் 5 மி.மீ.-இல் வரும் என்றால் வேகம் நிமிடத்துக்கு 0.025 மி.மீ. மணலுக்கு வழக்கமாக வைக்கும் 1.25 மி.மீ. வேகத்திலேயே இதையும் ஓட்டினால் 4 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். புள்ளிகளும் நேர்கோடும் அழகாகவே வரும். ஆனால் அந்த c, φ நீர் வடிந்த நிலைக்கும் உரியவை அல்ல, முழுதும் அடைபட்ட நிலைக்கும் உரியவை அல்ல.

டிரையாக்சியல் தருவது என்ன?

டிரையாக்சியல் சோதனையில் வழக்கமாக 38 மி.மீ. விட்டமும் 76 மி.மீ. உயரமும் கொண்ட உருளை வடிவ மண் கட்டியை ரப்பர் உறையில் போட்டு, நீர் நிரம்பிய கலத்துக்குள் நிறுத்துகிறார்கள். நீர் சுற்றிலும் அழுத்தும். மேலிருந்து ஒரு தண்டு தள்ளும். கட்டி தனக்குப் பலவீனமான தளத்திலேயே உடைகிறது. முதன்மைத் தகைவுகள் சோதனை முழுவதும் தெரிந்தே இருக்கும். பெட்டியில் அவற்றின் திசை சுழன்றுகொண்டே போகிறது. மேலே கண்ட 38 பாகை மணலில், தொடக்கத்தில் செங்குத்தாக இருந்த பெரிய முதன்மைத் தகைவு, உச்சத்தில் கிடைமட்டத்துக்கு 26 பாகை அளவுக்குச் சாய்ந்துவிடும். நடுவில் அதன் மதிப்பை அறிய வழியில்லை.

நீர் வடியும் வாய் டிரையாக்சியலில் நம் கையில் இருக்கிறது. மூடிவிட்டு உள்ளே எழும் நீரழுத்தத்தை அளக்கலாம். கலத்தின் அழுத்தம் 200, உடையும்போது நீரழுத்தம் 80 என்றால், பக்கவாட்டில் மண் துகள்கள் உண்மையில் தாங்கியது 120 கிலோபாஸ்கல் என்று தெளிவாகிவிடும். இந்த ஒரு தகவலைத்தான் பெட்டியால் தர முடியாது.

அதற்காகப் பெட்டியை ஒதுக்கிவிட முடியாது. டிரையாக்சியலுக்குச் செலவும் நேரமும் கைப்பழக்கமும் அதிகம் வேண்டும். காய்ந்த மணலை உருளையாக நிற்க வைப்பதே சிரமமான வேலை. பெட்டியில் உள்ள கட்டி மெல்லியது என்பதால் நீர் வடிய 12.5 மி.மீ. தூரம் போனால் போதும். இரு முனைகளிலும் வடியும் உருளையில் 38 மி.மீ. வடியும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. பெரிய நகர்வுக்குப் பின் களிமண்ணில் மிஞ்சும் எச்ச வலிமையை அறியவும் பெட்டியை முன்னும் பின்னுமாக ஓட்டும் முறை உதவுகிறது. களிமண் சரிவுகளைப் பற்றிய ஸ்கெம்ப்டனின் 1964-ஆம் ஆண்டு ராங்கின் சொற்பொழிவுக்கு அடித்தளமாக இருந்ததும் இந்த முறைதான்.

ஆகவே மணலுக்குப் பெட்டி போதும். ஈரக் களிமண்ணுக்குப் பெட்டி முடிவை ஏற்பதானால், எந்த வேகத்தில் ஓட்டினார்கள், நீர் வடிய விட்டார்களா என்ற இரண்டும் அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், தடுப்புச் சுவரோ மண் கரையோ களிமண்ணில் நிற்கப்போகிறது என்றால், டிரையாக்சியல் சோதனைக்குச் செலவிடத் தயங்காதீர்கள்.