லேத் பெட்டின் நேர்த்தன்மையை ஆட்டோகாலிமேட்டரில் அளப்பது

ஆட்டோகாலிமேட்டர் உயரத்தை அளப்பதில்லை, தூரத்தையும் அளப்பதில்லை. தனக்கு எதிரே நிற்கும் ஒரு கண்ணாடி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆனாலும் ஒரு மீட்டர் நீளமுள்ள லேத் பெட் நேராக இருக்கிறதா, எந்த இடத்தில் எத்தனை மைக்ரான் தேய்ந்திருக்கிறது என்பதை அதைக் கொண்டு நம்பகமாகச் சொல்லிவிடலாம். சாய்விலிருந்து உயரத்துக்குப் போகும் வழியைப் புரிந்துகொண்டால் இந்தச் சோதனை முழுவதும் புரிந்துவிடும். தவறுகள் நுழைவதும் அதே வழியில்தான்.

கருவியின் அமைப்பு எளிமையானது. ஒரு குழாயின் முன்முனையில் லென்ஸ் இருக்கும். அதன் குவியத்தில் ஒளியூட்டப்பட்ட குறுக்குக்கோடு ஒன்று வைக்கப்பட்டிருக்கும். குவியத்திலிருந்து கிளம்பும் ஒளி லென்ஸைக் கடந்ததும் இணைக்கதிராக வெளியே போகிறது. எதிரே உள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பி, அதே லென்ஸ் வழியாக வந்து, குறுக்குக்கோட்டின் பிம்பமாக மறுபடி குவிகிறது. கண்ணாடி நேர் செங்குத்தாக இருந்தால் பிம்பம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். கண்ணாடி சற்றே சாய்ந்தால், திரும்பும் ஒளி அதைப்போல் இரண்டு மடங்கு கோணத்தில் திரும்பும், பிம்பமும் நகரும். லென்ஸின் குவியத் தூரம் 500 மில்லிமீட்டர் என்றால், ஒரு கோண வினாடி சாய்வுக்குப் பிம்பம் ஏறத்தாழ 4.85 மைக்ரான் நகரும். ஒரு பாகையை 3600 பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு கோண வினாடி. கண்ணால் பார்க்கும் கருவியில் இந்த நகர்வைக் கண்வில்லையின் மைக்ரோமீட்டரைத் திருகிப் படிப்பார்கள். மின்னணுக் கருவியில் அது எண்ணாகவே திரையில் வரும்.

ஒளி இணைக்கதிராகப் போவதால், கண்ணாடி அருகில் இருந்தாலும் தள்ளி இருந்தாலும் ஒரே சாய்வுக்கு ஒரே அளவுதான் கிடைக்கும். கண்ணாடி சாயாமல் மேலே ஏறினாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் பிம்பம் அசையாது. பெட்டின் ஒரு முனையில் கருவியை அசையாமல் நிறுத்திவிட்டு, கண்ணாடியை மட்டும் வழிநெடுக நகர்த்தி அளக்க முடிவது இதனால்தான்.

கண்ணாடி ஒரு சிறு வார்ப்பிரும்புக் கட்டையின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். கட்டையின் அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு பாதங்கள். இவற்றுக்கு இடையிலான தூரமே உயரக் கணக்குக்கு அடிப்படை. இந்தத் தூரம் 103.13 மில்லிமீட்டராக இருந்தால் கணக்கு மிகவும் சுலபம். ஒரு பாதம் மற்றதைவிட அரை மைக்ரான் உயர்ந்தால், கண்ணாடி சரியாக ஒரு வினாடி சாயும். படித்த வினாடிகளைப் பாதியாக்கினால் மைக்ரான் கிடைத்துவிடும்.

கருவியை டெயில்ஸ்டாக் முனையிலும், கட்டையைச் சக் பக்கத்திலும் வைத்து வேலை தொடங்குகிறது. கட்டை கோணலாக ஓடாதபடி பெட்டை ஒட்டி ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜ் பொருத்தப்படும். முதல் இடத்தில் அளவு எடுத்தபின், முன்பாதம் இருந்த அதே புள்ளியில் பின்பாதம் வருமாறு கட்டையை நகர்த்த வேண்டும். இந்த ஒழுங்கைத் தளர்த்தவே கூடாது. 103 மில்லிமீட்டர் கட்டையை 150 மில்லிமீட்டர் தாண்டி வைத்தால், நடுவில் 47 மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது என்பதை யாரும் அளக்கவில்லை. அதற்குப் பிறகு கூட்டும் கூட்டலுக்குப் பொருளில்லை. கருவியின் எண் ஏறினால் முன்பாதம் உயர்கிறதா தாழ்கிறதா என்பதையும் தொடங்குமுன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். முன்பாதத்தின் அடியில் ஒரு துண்டு மெல்லிய தாளைச் செருகி, பிம்பம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் போதும். இதைச் செய்யாமல் விட்டுப் பள்ளத்தை மேடாக எழுதிவிட்டால், ஸ்க்ரேப்பிங் செய்பவர் தவறான இடத்தைச் சுரண்டுவார்.

825 மில்லிமீட்டர் நீளத்துக்கு எட்டு இடங்களில் அளந்ததாகவும், சக் பக்கத்திலிருந்து வரிசையாக 14, 16, 22, 24, 24, 22, 20, 18 வினாடிகள் கிடைத்ததாகவும் கொள்வோம். எண் கூடினால் முன்பாதம் உயர்கிறது. இவற்றின் சராசரி 20. கருவிக்கும் பெட்டுக்கும் இடையே உள்ள பொதுவான சாய்வு அது. பெட்டின் வடிவத்தோடு அதற்குத் தொடர்பில்லை, ஆகவே கழித்துவிடலாம். மிஞ்சுவது −6, −4, +2, +4, +4, +2, 0, −2. பாதியாக்கினால் ஒவ்வோர் அடியிலும் ஏறியதும் இறங்கியதும் மைக்ரானில் வரும்: −3, −2, +1, +2, +2, +1, 0, −1. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் உயரங்கள் கிடைக்கும். தொடக்கப் புள்ளி 0, பிறகு −3, −5, −4, −2, 0, +1, +1, கடைசியில் மறுபடி 0. இரு முனைகளையும் இணைக்கும் கோட்டிலிருந்து பார்த்தால், மிகத் தாழ்ந்த இடம் 5 மைக்ரான் கீழே, மிக உயர்ந்த இடம் 1 மைக்ரான் மேலே. மொத்த நேர்த்தன்மைப் பிழை 6 மைக்ரான்.

இந்த எண்களைப் பார்த்ததும் பலரும் 24 வினாடி காட்டிய இடமே மேடு என்று நினைப்பதுண்டு. மலைச்சாலையில் ஏற்றம் மிகச் செங்குத்தாக இருக்கும் இடம் உச்சி அல்ல, இங்கும் அப்படித்தான். 24 என்பது பெட் வேகமாக ஏறும் இடம். பள்ளத்தின் அடி இருப்பது எண் சராசரியைக் கீழிருந்து மேலே கடக்கும் இடத்தில், அதாவது 16-க்கும் 22-க்கும் நடுவே, சக் பக்க முனையிலிருந்து 206 மில்லிமீட்டரில். லேத்தில் பெரும்பாலான வேலை சக்கை ஒட்டியே நடப்பதால், தேய்மானம் இந்தப் பகுதியில் விழுவது வழக்கம்.

உயரம் கூட்டலில் பிறப்பதால், பிழைகளுக்கும் அடையாளம் காணத்தக்க முகங்கள் உண்டு. பெட்டின் ஒரு புள்ளியில் 5 மைக்ரான் தடிமனுள்ள தூசு ஒட்டியிருந்தால், முன்பாதம் அதன்மேல் ஏறும்போது 10 வினாடி கூடும், அடுத்த அடியில் பின்பாதம் அதே தூசின்மேல் நிற்பதால் 10 வினாடி குறையும். சம அளவில் ஒரு ஏற்றமும் உடனே ஒரு இறக்கமும் சேர்ந்து வந்தால், முதலில் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கட்டையின் பாதத்திலேயே தூசு ஒட்டிக்கொள்வது இதைவிட மோசம். அந்த இடத்திலிருந்து கடைசிவரை எல்லா எண்களும் ஒரே அளவு தள்ளிப்போகும். வரைபடத்தில் பெட் அங்கே முழங்கைபோல் மடங்கியது மாதிரித் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கடைசி அளவு எடுத்ததும் கட்டையை முதல் இடத்துக்கே கொண்டுவந்து மறுபடி படிப்பதுதான். 14 காட்டிய இடம் இப்போது 24 காட்டினால் அந்த வரிசை முழுவதையும் தள்ளிவிட வேண்டும். இடையில் யாராவது கருவியைத் தட்டிவிட்டிருந்தாலும் இதே சோதனை காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு தொல்லை வெப்பம். சூடான காற்று ஒளிப்பாதையில் கலைந்தால் பிம்பம் நடுங்கும். அது கண்ணுக்குத் தெரிவதால் காத்திருந்தோ பல அளவுகளின் சராசரி எடுத்தோ சமாளிக்கலாம். கண்ணுக்குத் தெரியாதது பெட்டே வளைவது. ஒரு மீட்டர் நீளமும் 300 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள வார்ப்பிரும்பு பெட்டின் மேற்பகுதி, அடிப்பகுதியைவிட ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால், நடுப்பகுதி சுமார் 5 மைக்ரான் மேலெழும்பும். மேலே கண்ட பள்ளத்தின் முழு ஆழமும் அவ்வளவுதான். ஜன்னல் வெயில் பெட்டில் விழும் நேரத்திலோ, இயந்திரம் ஓடி நின்ற கையோடோ எடுத்த அளவு, பெட்டின் தேய்மானத்தைச் சொல்கிறதா வெயிலைச் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது.

அந்த 5 மைக்ரான் பள்ளம் வேலையை என்ன செய்யும் என்பது திசையைப் பொறுத்தது. லேத்தில் டூல் பக்கவாட்டிலிருந்து வெட்டுகிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டில் டூல்முனை 5 மைக்ரான் கீழே இறங்கினால் ஆரத்தில் ஏற்படும் மாற்றம் ஒரு மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே 5 மைக்ரான் கிடைமட்டமாக வெளியே நகர்ந்தால் விட்டம் 10 மைக்ரான் கூடிவிடும். ஆகவே லேத்தில் பெரிதும் முக்கியமானது கிடைமட்ட நேர்த்தன்மை. அதற்கு வி வடிவ வழியில் பொருந்தி உட்காரும் கட்டையை வைத்து, கண்வில்லையை 90 பாகை திருப்பி, பிம்பம் இடம் வலமாக நகர்வதைப் படிக்க வேண்டும். கணக்கு அப்படியே மேலே கண்டதுதான். சர்ஃபேஸ் கிரைண்டரில் நிலைமை தலைகீழ். அங்கே கல் மேலிருந்து வெட்டுவதால், செங்குத்துப் பிழைதான் வேலையின் மேல் நேரடியாக இறங்கும்.

வழியின் வடிவம் வேறு, அதன்மேல் ஓடும் கேரேஜின் கோணப் பிழை வேறு. இரண்டாவதை அளக்கக் கண்ணாடியைக் கேரேஜிலேயே பொருத்தி, அதை ஓட்டிக்கொண்டே படிக்கிறார்கள். மேலே பார்த்த பெட்டில் கட்டை 14 முதல் 24 வரை, அதாவது 10 வினாடி ஆடியது. 412 மில்லிமீட்டர் நீளமுள்ள கேரேஜ் தன் இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டு அதே பெட்டில் ஓடினால், அது தலைகவிழ்ந்து நிமிர்வது 4 வினாடிக்குள் அடங்கிவிடும். நீண்ட கேரேஜ் பள்ளத்தின்மேல் பாலமாக நிற்பதே காரணம். எனவே கேரேஜில் எடுத்த கோணங்களைக் கூட்டி, அதுதான் பெட்டின் வடிவம் என்று எழுதுவது தவறு. ஆனால் டூல் எங்கே போகிறது என்று அறிய அந்த 4 வினாடிதான் தேவை. வழியிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் டூல்முனையை அது நீளவாக்கில் சுமார் 4 மைக்ரான் தள்ளும். உயரம் இரட்டித்தால் தள்ளுவதும் இரட்டிக்கும்.

இந்தக் கருவிக்குத் தெரியாத ஒரு கோணமும் உண்டு. தட்டைக் கண்ணாடி தன் முகத்தின் செங்குத்து அச்சைச் சுற்றிச் சுழன்றால் ஒளி வந்த வழியே திரும்பிவிடும், பிம்பம் அசையாது. கேரேஜ் ஓட்டத்தின் குறுக்கே இடவலமாகச் சாய்வது இந்தச் சுழற்சிதான். பெட் முறுக்கிக்கொண்டிருந்தால் வருவதும் இதுவே. முன்வழியும் பின்வழியும் 300 மில்லிமீட்டர் தள்ளியிருக்க, ஒன்று மற்றதைவிட 10 மைக்ரான் இறங்கினால், 200 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ள டூல் கிடைமட்டமாக ஏறக்குறைய 7 மைக்ரான் நகரும், தண்டின் விட்டம் 13 மைக்ரான் மாறும். ஆட்டோகாலிமேட்டரில் பெட் குறையின்றித் தெரிந்தாலும் வேலை கூம்பாக வருவதற்கு இது ஒரு காரணம். இதைப் பிடிக்கக் கேரேஜின் குறுக்கே ஒரு துல்லிய ஸ்பிரிட் லெவலை வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முறுக்கம் இருந்தால் லெவலிங் போல்ட்டுகளைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் போல்ட்டைத் திருகும்போது பெட்டின் நீளவாக்கு வடிவமும் மாறும். ஆகவே முறுக்கத்தை முதலில் எடுத்துவிட்டு, அதன் பிறகே ஆட்டோகாலிமேட்டரை நிறுத்தி நேர்த்தன்மையை அளக்கிறார்கள். போல்ட் எதையாவது பின்னர் தொட நேர்ந்தால் எட்டு இடங்களையும் மறுபடி அளக்க வேண்டும்.