மறைந்திருக்கும் காகிதக் கிளிப்

வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞருக்கு நிறுவனத்திலிருந்து ஜிமெயிலில் பதில் வருகிறது: 'மதிப்பெண் சான்றிதழை இன்றே அனுப்பவும்.' பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் அவருடைய வாட்ஸ்அப்பில் இருக்கிறது. போனிலேயே பதிலை அடித்து முடித்துவிட்டார். ஆனால் கோப்பை எங்கே இணைப்பது?

கணினியில் ஜிமெயில் பழகியவர்களின் கண் தானாகக் கீழே போகும். பிரவுசரில் நீல நிற Send பொத்தான் கடிதப் பெட்டியின் அடியில் இருக்கிறது. காகிதக் கிளிப் குறியும் அதே வரிசையில்தான். போன் செயலியில் அந்த இடத்தை விசைப்பலகை பிடித்துக்கொள்கிறது. அதனால் கிளிப்பும் அனுப்பும் அம்புக்குறியும் திரையின் உச்சியில், வலது ஓரத்தில் இருக்கின்றன.

அங்கும் காணோமா? பதில் எழுதும் பெட்டி கடிதத்தின் அடியில் சிறியதாகத் திறந்திருக்கலாம். அதிலுள்ள விரிவாக்கும் அம்புக்குறியைத் தொட்டால் முழுப்பக்கம் வரும், கிளிப்பும் தென்படும். அதைத் தொட்டு, செயலியின் பதிப்புக்கேற்ப Attach file அல்லது Files என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் இளைஞருக்கு அடுத்த சிக்கல் இங்கேதான். ஆண்ட்ராய்டு போனில் திறக்கும் பட்டியல் பெரும்பாலும் அண்மைக் கோப்புகளை மட்டுமே காட்டும். சான்றிதழ் அதில் இல்லை. இடது மூலையின் மூன்று கோடுகளைத் தொட்டால் டவுன்லோட்ஸ் போன்ற மற்ற இடங்களுக்குப் போகலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த ஆவணங்கள் அந்தச் செயலிக்குரிய தனி ஃபோல்டரில், பல அடுக்கு உள்ளே கிடக்கின்றன.

இதற்குச் சுலபமான வழி, எதிர்த்திசையிலிருந்து வருவது. வாட்ஸ்அப்பில் அந்தப் பிடிஎஃப்பை அழுத்திப் பிடித்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளில் Share கொடுத்து, ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு இணைந்த நிலையிலேயே புதிய கடிதம் திறக்கும். ஒரு குறை உண்டு: அது பழைய கடிதத்துக்கான பதிலாக இருக்காது. பெறுநர் முகவரியையும் தலைப்பையும் மறுபடி எழுத வேண்டும்.

கணினியிலும் கிளிப் சில நேரம் கண்ணுக்குத் தப்பும். பக்கத்தை அதிகமாகப் பெரிதாக்கியிருந்தால் அடிவரிசை திரைக்கு வெளியே போய்விடலாம். Ctrl + 0 அழுத்தினால் பழைய அளவுக்குத் திரும்பும். கிளிப்பைத் தேடாமலே கோப்பை மவுஸால் இழுத்துக் கடிதத்தின் மேல் விட்டாலும் இணைந்துவிடும். போனைவிடக் கணினியில் இருக்கும் பெரிய வசதி இது.

அளவு வரம்பு 25 எம்பி. அதைத் தாண்டினால் கோப்புக்குப் பதிலாக கூகுள் டிரைவ் இணைப்புதான் போகும். நிறுவனத்தார் அதைத் திறக்க அனுமதி தந்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போனானாலும் கணினியானாலும், கடிதத்தின் கீழே கோப்பின் பெயர் தெரிந்த பிறகே அனுப்புங்கள்.