இருபது மில்லிவோல்ட்டுக்கு இவ்வளவு ஆட்டமா?

மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் மாணவர் ஒருவர் லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், புத்தகத்துல இருக்கிற சர்க்யூட்டைத்தான் அப்படியே போட்டேன். அவுட்புட் மேலேயே ஒட்டிக்கிட்டு நிக்குது, அசையவே மாட்டேங்குது."

திரையில் 1.7 வோல்ட்டை ஒட்டி ஒரு நேர்கோடு. சர்க்யூட்டுக்குத் தந்திருந்த சப்ளை 1.8 வோல்ட். உள்ளே 5 மில்லிவோல்ட் உயர அலை ஒன்று போய்க்கொண்டிருந்தது. வெளியே அதன் சுவடே இல்லை.

"கேட்டுக்கு எவ்வளவு பயஸ் கொடுத்தீங்க?"

"0.63 சார்."

"0.65 கொடுத்துப் பாருங்க."

மாற்றி ஓட்டினார். 250 மில்லிவோல்ட் உயரத்தில் அழகான அலை வந்தது. அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிட எரிச்சல்தான் கூடுதல். "இருபது மில்லிவோல்ட்டுக்கா சார் இவ்வளவு ஆட்டம்?"

நியாயமான கேள்வி. அவர் போட்டிருந்தது காமன்-சோர்ஸ் பெருக்கி. தலைமேல் ரெசிஸ்டருக்குப் பதிலாக கரண்ட் மிர்ரர். மொத்தம் மூன்றே டிரான்சிஸ்டர்கள். அந்த மூன்றுக்குள்தான் பதில் இருக்கிறது.

கீழே இருப்பது என்-மாஸ் டிரான்சிஸ்டர். அதன் சோர்ஸ் தரையில் இணைந்திருக்கிறது. உள்ளே வரும் சிக்னலுக்கும் வெளியே போகும் சிக்னலுக்கும் அந்த சோர்ஸ்தான் பொது முனை. பெயர் வந்த வழி அதுதான். கேட்டில் ஏறத்தாழ 0.45 வோல்ட் வரும்வரை இந்த டிரான்சிஸ்டர் தூங்கும். அதற்கு மேல் 0.2 வோல்ட் கூடுதலாகக் கொடுத்தால், அதாவது 0.65-இல், இதன் வழியே 100 மைக்ரோஆம்பியர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் 0.2 வோல்ட்டுக்கு ஓவர்டிரைவ் என்று பெயர். இந்த இடத்தில் கேட்டை ஒரு மில்லிவோல்ட் உயர்த்தினால் மின்னோட்டம் ஒரு மைக்ரோஆம்பியர் கூடும். இரண்டு மடங்கு மின்னோட்டத்தை ஓவர்டிரைவால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும்:

gm = 2 × 100 µA ÷ 0.2 V = 1 mA/V

ஆக, டிரான்சிஸ்டர் தருவது மின்னோட்ட மாற்றம். நமக்கு வேண்டியதோ மின்னழுத்த மாற்றம். ஒன்றை மற்றொன்றாக்க மேலே ஒரு சுமை தேவை. முதலில் தோன்றுவது ரெசிஸ்டர்தான். 1.8 வோல்ட் சப்ளையில் அவுட்புட்டை நடுவில், 0.9-இல் நிறுத்த வேண்டுமானால் 9 கிலோஓம் போடலாம். மின்னழுத்தப் பெருக்கம் எட்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஐம்பது மடங்கு வேண்டுமென்றால் 100 கிலோஓம் வேண்டும். 100 மைக்ரோஆம்பியர் அதன் வழியே போக மட்டும் 10 வோல்ட் ஆகிவிடும். கையில் இருப்பதோ 1.8.

நமக்கு வேண்டியது இரண்டு முகம் கொண்ட ஒரு பொருள். நிலையான மின்னோட்டம் போகும்போது குறைந்த வோல்ட்டேஜில் விட்டுவிட வேண்டும்; மின்னோட்டம் மாறப் பார்த்தால் மட்டும் முரண்டு பிடிக்க வேண்டும். ரெசிஸ்டருக்கு இந்த இரட்டை வேடம் வராது. டிரான்சிஸ்டருக்கு வரும்.

கரண்ட் மிர்ரரில் இருப்பவை இரண்டு பி-மாஸ் டிரான்சிஸ்டர்கள். முதலாவதில் கேட்டையும் டிரெய்னையும் சேர்த்துக் கட்டி, அதன் வழியே 100 மைக்ரோஆம்பியரை இழுக்கிறோம். அந்த மின்னோட்டத்துக்கு எவ்வளவு கேட் வோல்ட்டேஜ் தேவையோ அதை அதுவே அமைத்துக்கொள்ளும். அதே கேட், அதே சப்ளை, அதே அளவு கொண்ட இரண்டாவது டிரான்சிஸ்டரும் வேறு வழியின்றி அதே 100 மைக்ரோஆம்பியரைத் தரும். கண்ணாடியில் தெரிகிற பிம்பம்போல. சிப்புக்குள் ரெசிஸ்டரைவிட ஒத்த டிரான்சிஸ்டர்கள் மலிவு என்பதைத் தன் வடிவமைப்பின் அடிப்படையாகவே வைத்துக்கொண்டவர் 1960-களில் ஃபேர்சைல்டில் இருந்த பாப் விட்லர். அவர் கையாண்டது பைபோலார் டிரான்சிஸ்டர்களை. சிமாஸ் சிப்பிலும் அதே சிக்கனம்தான் செல்லுபடியாகிறது.

இப்போது அவுட்புட் முனையைப் பாருங்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். மேலே குழாயில் ஒரே சீராகத் தண்ணீர் விழுகிறது, அது மிர்ரர். கீழே ஒரு திருகுக் குழாய் அதே அளவை வெளியேற்றுகிறது, அது என்-மாஸ். நீர்மட்டம்தான் அவுட்புட் வோல்ட்டேஜ். கீழ்க் குழாயை மயிரிழை அளவு கூடுதலாகத் திறந்தாலும் மட்டம் இறங்கத் தொடங்கிவிடும். எதுவும் தடுக்காவிட்டால் அடிவரை போகும். கேட் உயர்ந்தால் அவுட்புட் இறங்குவதால்தான் இந்தப் பெருக்கியின் பெருக்கத்துக்கு முன்னால் கழித்தல் குறி போடுகிறோம்.

தடுப்பது எது? இரண்டு டிரான்சிஸ்டர்களும் சொல்லுமளவு பிடிவாதக்காரர்கள் இல்லை. தங்கள் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டேஜ் கூடினால் மின்னோட்டமும் சற்றே கூடும். மட்டம் இறங்க இறங்க மேல் குழாய் கொஞ்சம் அதிகமாக விடும், கீழ்க் குழாய் கொஞ்சம் குறைவாக விடும். ஓரிடத்தில் சமன் வந்துவிடும். இந்தச் சிறு நெகிழ்வைத்தான் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் என்கிறோம். நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொன்றுக்கும் 100 கிலோஓம் என்று கொள்வோம். வோல்ட்டுக்கு பத்து சதவீத நெகிழ்வு உள்ள டிரான்சிஸ்டரில் 100 மைக்ரோஆம்பியர் ஓடும்போது வருகிற மதிப்பு அது. இரண்டும் அவுட்புட்டுக்குப் பக்க இணைப்பில் தெரிவதால் 50 கிலோஓம்.

Av = −gm × (ro1 ∥ ro2) = −1 mA/V × 50 kΩ = −50

ரெசிஸ்டரில் 10 வோல்ட் கேட்ட வேலையை மிர்ரர் டிரான்சிஸ்டர் 0.2 வோல்ட்டில் முடித்துவிடுகிறது.

மாணவரின் கேள்விக்கு இனி வரலாம். அவர் 0.65-க்குப் பதில் 0.63 கொடுத்தார். ஓவர்டிரைவ் 0.2-இலிருந்து 0.18 ஆயிற்று. மின்னோட்டம் ஓவர்டிரைவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கீழ் டிரான்சிஸ்டர் 81 மைக்ரோஆம்பியர் போதும் என்கிறது. மேலே மிர்ரர் 100 தருவேன் என்று நிற்கிறது. மிஞ்சிய 19 மைக்ரோஆம்பியரை 50 கிலோஓமால் பெருக்கினால் 0.95 வோல்ட். நடுவில் 0.9-இல் இருந்த அவுட்புட் 1.85-க்கு ஏறியாக வேண்டும். சப்ளையே 1.8 என்பதால் ஏற இடமில்லை. மேல் டிரான்சிஸ்டர் நசுங்கிப்போய், சாச்சுரேஷன் என்ற தன் இயல்பான நிலையை விட்டு வெறும் சின்ன ரெசிஸ்டர்போல நடக்கத் தொடங்கி, 1.7-ஐ ஒட்டி ஒதுங்கிவிடுகிறது. அங்கே பெருக்கம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

ஐம்பது மடங்குப் பெருக்கத்துக்கு ஆசைப்பட்டால் பயஸில் வரும் பிழையும் ஏறத்தாழ ஐம்பது மடங்காகும். பெருக்கிக்குச் சிக்னல் எது, பிழை எது என்று தெரியாது.

அவுட்புட் எதுவரை ஆடலாம் என்பதும் இதே படத்திலிருந்து வந்துவிடும். கீழ் டிரான்சிஸ்டர் தன் இயல்பில் நிற்க அதன் மேல் குறைந்தது ஓவர்டிரைவ் அளவாவது, அதாவது 0.2 வோல்ட், இருக்க வேண்டும். மேல் டிரான்சிஸ்டருக்கும் அதேபோல 0.2. எனவே அவுட்புட் 0.2-லிருந்து 1.6 வரை போய் வரலாம். உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 1.4 வோல்ட். உள்ளே 28 மில்லிவோல்ட் ஆட்டம் போதும், வெளியே இடம் முழுதும் தீர்ந்துவிடும்.

காகிதத்தில் 1.4 என்று வந்தாலும் நான் அதை முழுதாக நம்புவதில்லை. எல்லையைத் தொடுவதற்கு முன்பே அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் சரியத் தொடங்கும். பெருக்கமும் கூடவே சரியும். திரையில் அலையின் உச்சி மழுங்கி, பள்ளம் மட்டும் உருண்டையாக இருந்தால் மேல் டிரான்சிஸ்டருக்கு இடம் போதவில்லை என்று பொருள். பள்ளம் தட்டையாக இருந்தால் குறை கீழே. இரண்டும் ஒன்றாக மழுங்கினால் பயஸ் சரி, உள்ளே வரும் சிக்னல்தான் பெரிது. எண்களைப் பார்ப்பதற்கு முன் அலையின் வடிவத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பெருக்கத்தைக் கூட்ட மின்னோட்டத்தைக் கூட்டலாமா என்று பலரும் கேட்பார்கள். ஓவர்டிரைவ் மாறாதபடி டிரான்சிஸ்டரின் அகலத்தையும் சேர்த்துக் கூட்டினால் gm ஏறும் அளவுக்கே ரெசிஸ்டன்ஸ் இறங்கும். ஒரு லாபமும் இல்லை. கை வைக்க வேண்டியது ஓவர்டிரைவில். அதே மின்னோட்டத்தில் கீழ் டிரான்சிஸ்டரை நான்கு மடங்கு அகலமாக்கினால் ஓவர்டிரைவ் 0.1 ஆகும், பெருக்கம் நூறு ஆகும். கீழே கூடுதலாக 0.1 வோல்ட் ஆட இடமும் கிடைக்கும். ஒரே மாற்றத்தில் இரண்டு லாபம் என்பது சர்க்யூட் உலகில் அபூர்வம். ஆனால் அகலம் கூடினால் கேட்டின் கெப்பாசிட்டன்ஸும் கூடும், வேகம் குறையும். 0.1-க்கும் கீழே போனால் வர்க்கக் கணக்கே பொய்யாகிவிடும். பிறகு எவ்வளவு அகலமாக்கினாலும் அதே மின்னோட்டத்துக்கு gm பெரிதாக ஏறாது.

இன்னொரு பொறி, அவுட்புட்டில் எதை மாட்டுகிறோம் என்பது. 10 கிலோஓம் ஒன்றை மாட்டிவிட்டால் 50 கிலோஓமோடு அது பக்கமாகச் சேர்ந்து 8.3 கிலோஓம் ஆகிவிடும். பெருக்கமும் எட்டுக்கு வந்துவிடும், மிர்ரருக்குப் பட்ட பாடெல்லாம் வீண். அடுத்து வருவது இன்னொரு மாஸ் டிரான்சிஸ்டரின் கேட்டாக இருந்தால் அது நிலையான மின்னோட்டம் எதையும் இழுப்பதில்லை என்பதால் இந்தத் தொல்லை இல்லை. சிப்புக்குள் இந்தப் பெருக்கி பெரும்பாலும் அப்படி இடங்களில்தான் குடியிருக்கிறது. இரண்டு கட்ட ஆப்-ஆம்பில் இரண்டாம் கட்டமாக இருப்பது வழக்கமாக இதன் உருவம்தான். அங்கே வெளியிலிருந்து வரும் ஃபீட்பேக் அவுட்புட்டைத் தாங்கிப் பிடிக்கிறது.

தனியாக மேசையில் வைத்து ஓட்ட விரும்பிய அந்த மாணவருக்கும் ஒரு சின்ன ஃபீட்பேக்கைத்தான் சொன்னேன். அவுட்புட்டிலிருந்து கேட்டுக்கு 10 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று. சிக்னலை உள்ளே விட 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று. கேட்டுக்குள் மின்னோட்டம் போகாததால் ரெசிஸ்டரில் வோல்ட்டேஜ் எதுவும் விழாது. அவுட்புட்டும் கேட்டும் ஒரே அளவில் வந்து நிற்கும். 0.65-ஐ நாம் தேட வேண்டியதில்லை, சர்க்யூட்டே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஓட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தார். "நிக்குது சார். ஆனா பள்ளம் சீக்கிரமே தட்டையாயிடுது."

ஆகத்தான் செய்யும். அவுட்புட் இப்போது நிற்பது 0.9-இல் அல்ல, 0.65-இல். மேலே ஆட 0.95 வோல்ட் இருந்தாலும் கீழே 0.45 மட்டுமே மிச்சம். சீரான அலைக்கு இனி 1.4 வோல்ட் கிடையாது, 0.9-தான்.