சலைன் பாட்டிலைத் திறந்த கருவி

வாணியம்பாடியில் உள்ள ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பத்துப் பேருக்கு, 2022–23 காலகட்டத்தில், மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று ஏற்பட்டது. அவர்களில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். பல் வலிக்குப் போனவர்கள் காய்ச்சல், தலைவலி, முகம் கோணுதல் என்று பெரிய மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்திய ஆய்வு, 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியானது.

அந்தக் கிருமி மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. பல் மருத்துவமனைக்குள் அது தொற்றிய வழியாக ஆய்வாளர்கள் சுட்டியது, காயத்தைக் கழுவும் சலைன் பாட்டில். பெரியோஸ்டீல் எலிவேட்டர் என்றொரு கருவி உண்டு. எலும்போடு ஒட்டியிருக்கும் ஈறை நெம்பித் தூக்க உதவும் தட்டையான உலோகக் கருவி. கிருமி நீக்கப்படாத அந்தக் கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு வாயில் பஞ்சை லேசாக அடைத்துவைத்து, அதே பாட்டிலை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சலைன் வெறும் உப்புநீர். அதில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து எதுவும் இல்லை. ஒருமுறை உள்ளே போன கிருமி, பாட்டில் தீரும்வரை ஒவ்வொரு காயத்துக்குள்ளும் போகும்.

பல் மருத்துவமனையில் ஒரு கருவியைக் கிருமியில்லாமல் ஆக்குவதும், அது நோயாளியின் வாய்க்குள் போகும்வரை அப்படியே வைத்திருப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள். இரண்டில் எது தவறினாலும் பலன் ஒன்றுதான்.

முதல் வேலை ஆட்டோகிளேவுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இரத்தமும் எச்சிலும் காய்ந்து ஒட்டிய கருவிக்குள் நீராவி சரியாக ஊடுருவாது. அழுக்கின் அடியில் இருக்கும் கிருமி பிழைத்துக்கொள்ளும். அதனால் பயன்படுத்திய கருவியைக் காயவிடாமல் ஊறவைத்து, அல்ட்ராசோனிக் தொட்டியிலோ பிரஷ்ஷாலோ கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஈரம் போகத் துடைத்து, பவுச்சில் போட்டு ஒட்ட வேண்டும். ஒருபக்கம் தாளும் மறுபக்கம் பிளாஸ்டிக்கும் கொண்ட அந்த உறையின் தாள் வழியாகத்தான் நீராவி உள்ளே போகிறது. பவுச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்தால் நடுவில் இருப்பவற்றுக்கு நீராவி எட்டாது.

ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் என்பது பரவலான அளவு. உறையிட்ட கருவிகளுக்கு இதைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். அதை இயந்திரத்தின் கையேடு சொல்லும். இந்த நேரம், வெப்பம் அந்த அளவைத் தொட்ட பிறகுதான் தொடங்குகிறது. சூடேறும் நேரமும் கடைசியில் உலரும் நேரமும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அவசரத்தில் முதலில் வெட்டப்படுவது உலரும் நேரம்தான். ஈரத்தோடு வெளியே வரும் பவுச்சின் தாள், வெளியில் இருக்கும் கிருமியை உள்ளே உறிஞ்சிவிடும். அப்படி நனைந்த பவுச்சைக் கிருமி நீங்கியதாகக் கொள்ளக் கூடாது; மறுபடி புதிய உறையில் இட்டு ஏற்ற வேண்டும்.

பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ்தான் பலருக்கும் இடறும் இடம். அதன் உள்ளே நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. சுழற்சி நிற்கும் நொடியில் நோயாளியின் எச்சில் அந்தக் குழாய்க்குள் இழுக்கப்படலாம். வெளியே ஸ்பிரிட்டால் துடைத்தால் வெளிப்புறம் மட்டுமே சுத்தமாகும். குழாய்க்குள் சிக்கிய காற்று நீராவியைத் தடுக்கும் என்பதால், காற்றை முதலில் வெற்றிடத்தால் உறிஞ்சி எடுக்கும் ‘பி’ வகை ஆட்டோகிளேவ் இதற்கு மிகப் பொருத்தமானது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாலையில் 20 நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று வைத்துக்கொள்வோம். முதல் நோயாளிக்குப் பயன்பட்ட ஹேண்ட்பீஸ் கழுவி எண்ணெயிட்டுப் பவுச்சில் போக 15 நிமிடம், ஆட்டோகிளேவில் 45 நிமிடம், ஆற 10 நிமிடம். அது மறுபடி கைக்கு வர, தொடக்கத்திலிருந்து 90 நிமிடம் ஆகும். அதற்குள் ஐந்தாவது நோயாளி நாற்காலியில் இருப்பார். ஆக ஒரு நாற்காலிக்கே குறைந்தது ஐந்து ஹேண்ட்பீஸ் வேண்டும். இரண்டு மட்டும் வைத்திருக்கும் மருத்துவமனை, எவ்வளவு நல்ல ஆட்டோகிளேவ் வாங்கியிருந்தாலும், மூன்றாவது நோயாளிக்கு ஸ்பிரிட் பஞ்சைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இயந்திரம் உண்மையிலேயே வேலை செய்கிறதா? பவுச்சில் நிறம் மாறும் குறி, அது சூட்டுக்குள் போய்வந்தது என்பதை மட்டும் காட்டும். கிருமி செத்ததா என்று அறிய, வெப்பத்தை வெகுவாகத் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியைக் கருவிகளோடு ஏற்றி, பிறகு அதை வளர வைத்துப் பார்ப்பார்கள். வளராவிட்டால் சுற்று சரி. வாரம் ஒருமுறையாவது இதைச் செய்து பதிவேட்டில் எழுதுவது நல்ல மருத்துவமனையின் வழக்கம்.

இரண்டாவது வேலையில் உதவுபவை, ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் உறைகள். விளக்கின் கைப்பிடி, நாற்காலியின் பொத்தான்கள், எக்ஸ்ரே சென்சார் ஆகியவற்றை ஆட்டோகிளேவில் போட முடியாது; ஆனால் எச்சில் பட்ட கையுறை அவற்றைத் தொட்டபடியே இருக்கிறது. அதனால் பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள். எந்தக் கையால் போடுகிறோம், எந்தக் கையால் கழற்றுகிறோம் என்பதில்தான் அதன் பயனே இருக்கிறது. சிகிச்சை முடிந்ததும், அழுக்கான கையுறையோடேயே, உள்ளே இருக்கும் பரப்பைத் தொடாமல் உறையை உருவி எடுக்க வேண்டும். பிறகு கையுறையைக் கழற்றிக் கையைச் சுத்தம் செய்து, சுத்தமான கையால்தான் புதிய உறையை மாட்ட வேண்டும். வரிசை மாறினால், புதிய உறையே முந்தைய நோயாளியின் எச்சிலைச் சுமந்துவிடும். உருவும்போது அடியில் கை பட்டுவிட்டாலோ உறை கிழிந்திருந்தாலோ அந்த இடத்தைக் கிருமிநாசினியால் துடைத்தாக வேண்டும். வாய்க்குள் போகும் சென்சாரின் உறை கண்ணுக்குத் தெரியாமல் கிழிவதுண்டு. ஆகவே உறை இருந்தாலும் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் சென்சாரைத் துடைக்க வேண்டும்.

கையுறைக்கும் இதே விதிதான். அதை மாட்டிய கையோடு இழுப்பறையைத் திறந்து பஞ்சு எடுத்தால், அந்த இழுப்பறையும் பஞ்சு டப்பாவும் அன்று முழுக்க எல்லோருக்கும் பொதுவாகிவிடுகின்றன. தேவையானதை முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும். நடுவில் எதுவும் குறைந்தால் உதவியாளரோ, கையுறையைக் கழற்றிய மருத்துவரோ எடுக்க வேண்டும்.

வாணியம்பாடியின் சலைன் பாட்டில் இந்த இரண்டாவது வேலையின் பட்டியலில் சேர்ந்தது. எலிவேட்டரை ஆட்டோகிளேவில் போட்டு எடுத்திருந்தாலும், பஞ்சு அடைத்த பாட்டில் நாளெல்லாம் திறந்தபடியேதான் இருந்திருக்கும். எலும்பு வெளியே தெரியும் அறுவையில் சலைன் புதிதாகத் திறந்ததாக, அந்த ஒரு நோயாளிக்கானதாக இருக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சிறிய பாட்டிலாக வாங்கினால் அதிக நட்டமும் இல்லை.

நோயாளி கேட்பதற்கும் இடமுண்டு. பவுச்சை உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா, அது உலர்ந்து கிழியாமல் இருக்கிறதா, குறி நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பல் பிடுங்கப்போகிறார்கள் என்றால், “டாக்டர், சலைன் புது பாட்டில்தானே?” என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்; பாட்டிலை உங்கள் கண்ணெதிரிலேயே திறப்பார்கள்.